ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் அதை இடித்துக் கட்ட எவ்வளவு ஆகும்

தர்மபுரி மாவட்டத்தில் இருபது இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு கட்டிய வீடுகளில் பெரும்பாலும் பாத்ரூம் ஒன்றுதான். ஏழடிக்கு ஐந்தடி, உள்ளேயே கக்கூஸ், மூன்றடி அல்லது நாலடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், சுவருக்குள் இரும்பு பைப். அந்தப் பாத்ரூமை மாற்றுவதற்கான கணக்கைத்தான் இந்த அத்தியாயத்தில் போடப்போகிறோம். வீட்டில் இன்னொரு பாத்ரூம் இருந்தால் சங்கடம் பாதியாகிவிடும். ஒன்றே ஒன்று என்றால், பணக் கணக்கோடு நாள் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். கொத்தனாரிடம் கேட்டால், "பத்து நாள்ல முடிச்சுக் குடுத்துடறங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கையில் கரண்டி பிடிக்கும் நாட்களை மட்டும் எண்ணிச் சொல்கிறார். சிமெண்ட் இறுகும் நாளும் பூச்சு காயும் நாளும் அந்தப் பத்தில் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கோ அந்த நாட்களிலும் கக்கூஸ் கிடையாது.

முதலில், இடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மாற்ற நினைப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் பக்கத்து அறைச் சுவரில் ஏறும் ஓதம். பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிரும். இதற்கு மூன்று மூலங்கள் இருக்கலாம்: சுவருக்குள் ஓடும் பைப், பாத்ரூம் தரை, வீட்டின் அடியில் உள்ள மண். மூன்றுக்கும் செலவு வேறு வேறு.

பைப்பைச் சோதிக்க, இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். மோட்டார் போடாமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃப்ளஷ் டேங்க் ஒழுக்கும் இதே மாதிரி காட்டும் என்பதால் அதன் வால்வையும் மூடிவிடுங்கள். தரையைச் சோதிக்க, தண்ணீர் போகும் ஓட்டையைத் துணிப் பந்தால் இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். வாசல்படி உயரம் போதாவிட்டால் ஈரமண் மூட்டையைக் குறுக்கே போடலாம். அடைப்பு ஒழுகாமலேயே தண்ணீர் மட்டம் இறங்கினாலோ, மறுபக்கச் சுவர் புதிதாக நனைந்தாலோ குற்றம் தரையில். இரண்டிலும் ஒன்றுமில்லை, பாத்ரூமைத் தொடாத சுவர்களிலும் இதே உயரத்துக்கு ஓதம் இருக்கிறது என்றால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். அதற்குப் பாத்ரூமில் ஒரு லட்சம் போட்டாலும் தீராது.

இந்த மாவட்டத்துக்கே உரிய இரண்டு விஷயங்களைக் கணக்குக்கு முன்பே மனதில் வைக்க வேண்டும். ஒன்று, போர் தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீர், பல இடங்களில் உப்புக் கூடியது. பழைய அரை அங்குல இரும்பு பைப்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே சுற்றிலும் துருவும் வெள்ளை உப்பும் சேர்ந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். ஷவரில் தண்ணீர் சொட்டுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். புது ஷவர் மாட்டினால் சரியாகாது, பைப்பை மாற்றியாக வேண்டும். 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டத்தின் காவிரித் தண்ணீர் குடிப்பதற்கு. குளிக்கவும் கழுவவும் பெரும்பாலான வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான்.

இரண்டாவது, ஃப்ளோரைடு. குழாயில் படிகிற உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படிவது கால்சியமும் மெக்னீசியமும். ஆனால் ஃப்ளோரைடு கூடிய தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போவதை இந்த மாவட்டம் நன்றாக அறியும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் குத்தவைக்கும் கக்கூஸை வெஸ்டர்னாக மாற்றுவதையும் சுவரில் பிடிமானக் கம்பி வைப்பதையும் முதல் நாளே திட்டத்தில் எழுதுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கம்பி வைக்க நினைத்தால், துளை போடும் இடத்தில் பைப் ஓடுகிறதா என்று யாருக்கும் தெரியாது.

இனி கணக்கு. மாதிரிக்குத் தரைத்தளத்தில் உள்ள ஏழுக்கு ஐந்தடிப் பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். பழைய டைல்ஸ், தரை, பைப் எல்லாம் எடுத்துவிட்டு ஏழடி உயரத்துக்குப் புது டைல்ஸ். ஹீட்டர், கதவு பழையவையே. நான் போடும் விலைகள் கணக்குச் சொல்லித்தருவதற்காக வைத்துக்கொண்டவை. அரூரில் ஒரு விலை, பென்னாகரத்தில் ஒரு விலை இருக்கும். அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றி எழுதுங்கள். கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று மறக்காமல் கேளுங்கள். டைல்ஸுக்கும் பீங்கான் சாமானுக்கும் அது நூற்றுக்கு 18.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இரண்டே அளவுகள். தரை, ஏழு பெருக்கல் ஐந்து, 35 சதுர அடி. சுவர், நான்கு பக்கமும் கூட்டினால் 24 அடி நீளம். ஏழடி உயரத்தால் பெருக்கினால் 168. இரண்டரை அடிக் கதவுக்குக் கழித்தால் ஏறக்குறைய 150. ஆக ஒட்ட வேண்டிய பரப்பு 185 சதுர அடி. இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் கடைக்காரர், ஒட்டுகிறவர், பூச்சு அடிக்கிறவர் மூவரும் மூன்று அளவு சொல்வார்கள். சிலர் கதவுக்குக் கழிக்காமல் அளப்பார்கள். எப்படி அளக்கிறோம் என்பதை விலை பேசும்போதே பேசிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

முதல் இரண்டு நாள் இடிப்பு. இரண்டு ஆள், ஆளுக்கு 900 என்றால் 3,600. இடித்ததை எங்கே கொட்டுவது, யார் கொண்டுபோவது என்பதைப் பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். தரையிலிருந்து நான்கு அங்குலமும் சுவரிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலும் எடுத்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் இடிபாடு வரும். சின்ன யானை வண்டியில் மூன்று நடை, டிராக்டரில் ஒரே லோடு. அதற்கு 2,000. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் இந்தச் செலவு முழுக்க மிச்சம்தானே என்று கேட்கலாம். ஓதம் இல்லாத, பைப் நன்றாக உள்ள பாத்ரூமுக்கு அது செல்லும். இங்கே செல்லாது. பைப்பை மாற்ற எப்படியும் சுவரைக் கொத்த வேண்டும், தரையும் அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து வெளியறை மட்டத்துக்கு வந்துவிடும். பாத்ரூம் தரை வெளித்தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வீட்டுக்குள் வராது.

மூன்றாம், நான்காம் நாள் பிளம்பருக்கு. சுவரில் காடி வெட்டி சிபிவிசி பைப், தரையில் கழிவுநீர் பைப், நானி டிராப். பைப் சாமான்கள் 8,500, கூலி 9,000 என்று வைப்போம். பிளம்பர் வேலையில் நீங்கள் நேரில் நிற்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு, அது வெஸ்டர்ன் டாய்லெட்டின் கழிவு ஓட்டையைக் குறிக்கும்போது. தரையில் இறங்கும் வகைக்கு, சுவரிலிருந்து ஓட்டையின் நடு வரை இத்தனை அங்குலம் என்று ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அளவு உண்டு. ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று மாறும். அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. பிளம்பர் அளப்பதோ கொத்திய வெறும் செங்கல் சுவரிலிருந்து. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே வரும். அதைச் சேர்க்காமல் குறித்தால் கடைசி நாளில் டாய்லெட் உட்காராது, முடிந்த தரையை உடைக்க வேண்டிவரும். அதனால் டாய்லெட்டை முதலிலேயே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்து ஓட்டை போட விடாதீர்கள்.

காடியை மூடுவதற்கு முன் பைப்பின் எல்லா முனையையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் ஒரு மணி நேரமாவது நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்து இரவு முழுக்க விட்டுப் பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் தரைத்தள வீட்டில் தொட்டியின் அழுத்தம் குறைவு என்பதால் சின்ன ஒழுக்கு தெரியாமல் போகலாம். பிறகு ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து, பைப் ஓடும் இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.

ஐந்து, ஆறாம் நாள் கொத்தனார். காடி மூடி, சுவரைப் பூசி, தரைக்கு மூன்று அங்குல ஜல்லி கான்கிரீட். ஐந்து மூட்டை சிமெண்டும் சாக்குக் கணக்கில் எம்-சாண்ட், பி-சாண்ட், ஜல்லியும் சேர்த்து 3,500. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள் கூலி 3,600. அவ்வளவு சின்ன அறையில் இரண்டு கொத்தனாரை விட்டாலும் வேலை வேகமாகாது, நிற்கவே இடம் இருக்காது. தரையின் வாட்டம் இந்தக் கான்கிரீட்டிலேயே வந்துவிட வேண்டும். கதவிலிருந்து டிராப் வரை ஏழடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் போதும். டைல்ஸ் ஒட்டும்போது கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். டைல்ஸின் இணைப்பு வழியாக இறங்கும் கொஞ்சம் தண்ணீர் அடியில் உள்ள வாட்டர்புரூஃபிங் பூச்சின் மேல்தான் நிற்கும். அந்தப் பூச்சுக்கு வாட்டம் இல்லாவிட்டால் அது டிராப்புக்குப் போக வழியில்லை.

ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை யாரும் வரமாட்டார்கள். தண்ணீர் கட்டி ஈரம் காக்க வேண்டிய நாட்கள் அவை. வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த ஆறு நாள்தான் மிகக் கடினம், ஏனென்றால் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். "சும்மா கிடக்குதே, டைல்ஸ் ஒட்டிடலாமே" என்று அவசரப்பட்டால் பச்சைப் பூச்சு சுருங்கும்போது டைல்ஸ் விட்டுப்போகும்.

பதின்மூன்றும் பதினான்கும் வாட்டர்புரூஃபிங். இதன் செலவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். தரை 35, சுற்றிலும் சுவரில் ஓரடி உயரத்துக்கு 22, ஷவர் மூலையில் தோளுக்கு மேல் வரை இன்னும் 30. மொத்தம் 87, 90 என்று வைத்து, கூலியோடு சதுர அடிக்கு 50 போட்டால் 4,500 ரூபாய். மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து. இதை மிச்சம் பிடித்தவர்கள் ஓரிரு வருடம் கழித்துத் தரை டைல்ஸ், ஒட்டுக்கூலி, இடிப்புக்கூலி எல்லாவற்றையும் இரண்டாவது தடவை கொடுக்கிறார்கள். கக்கூஸ் இல்லாத மூன்று வாரமும் இன்னொரு முறை வருகிறது.

எது வாட்டர்புரூஃபிங் என்பதிலும் தெளிவு வேண்டும். சிமெண்டில் கலந்து ஊற்றும் திரவம் மட்டும் போதாது. அது கலவையின் நுண்துளைகளைக் குறைக்கும், ஆனால் பின்னால் விழும் விரிசலை மூடாது. பவுடரும் பாலிமர் திரவமும் தனித்தனியாக வந்து, கலந்து பிரஷ்ஷால் அடிக்கும் பூச்சே இங்கே தேவை. இறுகிய பிறகும் கொஞ்சம் நீளும் தன்மை அதற்கு உண்டு. முதல் கோட் நெடுக்கில் என்றால், அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்கில். பழுது வருகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டு. தரையும் சுவரும் சேரும் மூலை ஒன்று. அதை முன்பே கலவையால் சாய்வாக மெழுகி, பூச்சோடு சேர்த்து வலைத்துணி வைக்க வேண்டும். மற்றது பைப் தரையைத் துளைத்துக்கொண்டு போகும் இடம். வழுவழுப்பான பிவிசி பைப்பைக் கான்கிரீட் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு எப்போதும் இருக்கும். பைப்பின் மேற்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சுற்றிலும் சுருங்காத கலவை வைத்து அடைத்து, அதன் மேல் பூச்சு ஏற்ற வேண்டும். பூச்சு முடிந்த பிறகு பிளம்பர் உளி எடுத்துக்கொண்டு வந்தால் அன்றே நிறுத்துங்கள். ஒரு கொத்து விழுந்தாலும் செய்தது வீண்.

பூச்சு காய்ந்து, பதினேழாம் நாள் டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பக்கத்துச் சுவரையும் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். சூட்டில் ஆவியாகி ஒரு நூலளவு குறைவது இயல்பு. ஓர் அங்குலம் குறைந்தால் டைல்ஸ்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பூச்சுக்காரரைக் கூப்பிடுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. கூலி பேசும்போதே, சோதனை தேறிய பிறகுதான் பூச்சுக்கான பணம் என்று பேசிவிடுங்கள்.

மாடியில் உள்ள பாத்ரூமாக இருந்தால் இந்தப் பகுதி மட்டும் மாறும். அங்கே தளம் ஓரடி தாழ்த்திப் போடப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஒரு முறை பூச்சு, நிரப்பிய பிறகு மேலே ஒரு முறை. பரப்பு 90க்குப் பதில் 150 ஆகும், நிரப்பும் செலவும் கூடும், நாலைந்து நாளும் கூடும்.

டைல்ஸுக்கு வருவோம். ஒன்றுக்கு ஒன்றரை அடி சுவர் டைல்ஸில் பெட்டிக்கு 6 இருந்தால் 8.7 சதுர அடி வரும். 150க்கு வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்தால் 165, அதாவது 19 பெட்டி. இருபதாக வாங்குங்கள். தரைக்கு ஓரடிக்கு ஓரடி வழுக்காத டைல்ஸ் 5 பெட்டி. பெரிய டைல்ஸ் தரைக்கு அழகாக இருக்கும், ஆனால் டிராப்பை நோக்கி வாட்டம் திருப்ப அதை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரே டிசைன் வேறு பேட்ச்சில் நிறம் மாறும், சுவரில் ஒட்டிய பிறகுதான் தெரியும். சேலம் போனால் பெட்டிக்குச் சில ரூபாய் குறையலாம். 25 பெட்டிக்கு அந்த மிச்சம் வண்டி வாடகையில் போய்விடும், உடைந்த பெட்டியை மாற்றுவதும் சிரமம். உள்ளூரில் வாங்கிக்கொண்டு, பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்பது லாபம். நிறத்தில் என் சிபாரிசு வெளிர் நிறம், பளபளப்பு குறைந்தது. கறுப்பு, அடர் நீலம் எல்லாம் கடையில் நன்றாக இருக்கும். நம் போர் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளைத் தழும்பாகத் தெரியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்ட் கரைந்து, தண்ணீர் உள்ளே இறங்க வழி பிறக்கும்.

டைல்ஸ், வண்டி, ஒட்டும் பசை ஐந்து மூட்டை, தரைக்கும் கீழ் வரிசைகளுக்கும் எபாக்சி இடுக்குப் பூச்சு, சில்லறை எல்லாம் சேர்த்து 15,800. ஒட்டுக்கூலி 185 சதுர அடிக்கு 45 வீதம் 8,325. வெளி மூலைகளில் ஓரத்தைச் சாய்த்து வெட்டிச் சேர்ப்பதற்கு அடிக்கணக்கில் தனிக்கூலி கேட்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளில் ஒட்டி முடிப்பார்கள். அன்று மாலை ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வருவதைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக் காட்டினால் மறுநாளே எடுத்து ஒட்டுவார்கள். தரையில் ஒரு கோலிக்குண்டை நான்கு மூலையிலும் விட்டுப் பாருங்கள். எங்கே விட்டாலும் அது டிராப் பக்கம் உருள வேண்டும்.

குழாய் சாமான்களில்தான் பட்ஜெட் கைமீறும். டாய்லெட் 8,500, சுடுதண்ணீர் மிக்சர் 4,500, ஷவர் 1,000, வாளிக்குழாய் 900, கழுவும் குழாயும் அதற்கான இருவழி ஆங்கிள் காக்கும் 1,800, மற்ற ஆங்கிள் காக் மூன்று 1,500, பிடிமானக் கம்பி இரண்டு 1,800, டிராப் மூடியும் இணைப்புகளும் 1,000. கூட்டினால் 21,000. இதே பட்டியலை விலையுயர்ந்த பிராண்டில் போட்டால் இரட்டிப்பாகும், தண்ணீர் அதே தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் முதலில் பழுதாவது குழாய்க்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ். பிராண்டைவிட, அந்த கார்ட்ரிட்ஜ் தர்மபுரிக் கடையில் தனியாகக் கிடைக்குமா என்பதுதான் முக்கியம். கடைக்காரரிடம் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஷவர் வாங்கும்போது துளைகள் ரப்பர் முனையாக இருப்பதை எடுங்கள். விரலால் தேய்த்தாலே உப்பு உதிரும்.

எலக்ட்ரீஷியனுக்கு 2,500 சேர்த்து இதுவரையான தாள் இப்படி இருக்கும்:

இடிப்பும் லோடும் 5,600
சிமெண்ட், மணல், ஜல்லி 3,500
கொத்தனார், சித்தாள் 3,600
பைப் சாமான் 8,500
பிளம்பர் கூலி 9,000
வாட்டர்புரூஃபிங் 4,500
டைல்ஸும் ஒட்டும் பொருளும் 15,800
ஒட்டுக்கூலி 8,325
குழாய், டாய்லெட் 21,000
எலக்ட்ரிக்கல் 2,500
கூட்டுத்தொகை 82,325

இதன் மேல் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 12,350 ரூபாயை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய வீட்டில் தரையைத் திறந்த பிறகுதான் தெரியும் விஷயங்கள் உண்டு: செப்டிக் டேங்குக்குப் போகும் பழைய பைப் உடைந்திருப்பது, அடியில் மண் இறங்கியிருப்பது. அந்தப் பணம் செலவாகாமல் மிஞ்சினால் கதவை மாற்றுங்கள். அதை முதலிலேயே ஷவருக்கும் மிக்சருக்கும் கொட்டிவிடாதீர்கள்.

இன்னும் ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் பலர் தாளில் இல்லாதது. பதினெட்டாம் நாள் தண்ணீரை இறக்கி, பத்தொன்பதிலிருந்து மூன்று நாள் டைல்ஸ், ஒரு நாள் விட்டு இருபத்துமூன்றில் இடுக்குப் பூச்சு, இருபத்துநான்கில் டாய்லெட்டும் குழாயும் மாட்டி, சில்லிக்கான் காய ஒரு நாள். ஆக 25 நாள். அதில் ஆள் வேலை செய்வது 13, காத்திருப்பது 12. காத்திருப்பை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. வேலை நாட்களுக்கு இடையே ஆள் வராமல் வீணாகும் நாட்களைத்தான் குறைக்கலாம். அதற்கு வழி, இடிக்கத் தொடங்கும் முன் டாய்லெட், டைல்ஸ், மிக்சர் மூன்றும் வீட்டில் இருப்பதும், டைல்ஸ்காரருக்குத் தேதி சொல்லி முன்பணம் கொடுத்து வைப்பதும். பொங்கலுக்கு முந்தைய பத்து நாளிலும் ஊர்த் திருவிழா நெருங்கும்போதும் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் தொடர ஆள் கிடைப்பது கஷ்டம்.

அந்த 25 நாளுக்கு வெளியே ஒரு தற்காலிகக் கக்கூஸ் அமைத்துக்கொள்வதே நான் பார்த்தவரை நல்ல வழி. கொல்லையில் செப்டிக் டேங்குக்குப் போகும் சேம்பருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண இந்தியன் பேசினைப் பதித்து, நாலங்குல பைப்பால் சேம்பரில் இணைத்து, சுற்றிலும் தகரமும் ஒரு கதவும், மேலே ஒரு பல்பும் போட்டால் ஏறக்குறைய 6,000 ஆகும். பேசினுக்கு அடியில் நீர் நிற்கும் வளைவு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் டேங்க் நாற்றம் மேலே வரும். பக்கத்திலேயே தார்ப்பாயோ பச்சை வலையோ கட்டிக் குளிக்க இடம் விடலாம். குத்தவைக்க முடியாத பெரியவர் இருந்தால், நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியை மருந்துச் சாதனக் கடையில் வாங்கி அந்தப் பேசினுக்கு மேலேயே வைத்துவிடலாம். இந்த அமைப்பு இடிப்புக்கு முந்தின நாள் தயாராகி, ஒரு முறை பயன்படுத்தியும் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் போய்க்கொள்ளலாம் என்று நினைப்பது மூன்று நாளைக்கு ஓடும். இரவு இரண்டு மணிக்கு வீட்டில் ஒரு பெண்ணோ பெரியவரோ எழுந்தால் அந்த ஏற்பாடு உதவாது. இடம் இல்லாத தெருவீடு என்றால், அருகில் ஓர் அறை ஒரு மாத வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்த்து அந்தத் தொகையை இதே வரியில் எழுதுங்கள். 82,325, 12,350, 6,000 மூன்றும் சேர்த்தால் 1,00,675. கையில் இருக்க வேண்டிய பணம் அதுதான்.

பணம் கொடுப்பதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூலி அத்தனையும் ஒரே மேஸ்திரியிடம் என்றால் தொடங்கும்போது கால் பங்கு, பைப் அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் கட்டிய சோதனை தேறியதும் ஒரு பங்கு, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பங்கு. கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வீட்டார் எல்லோரும் பத்து நாள் குளித்த பிறகு கொடுங்கள். அந்தப் பத்து நாளில் டாய்லெட்டின் அடியில் ஈரம் கசிகிறதா, ஆங்கிள் காக் இணைப்பில் சொட்டுகிறதா, மூலையில் தண்ணீர் தேங்குகிறதா என்று தினமும் பாருங்கள். மீந்த டைல்ஸில் சுவருக்கு அரைப் பெட்டியும் தரைக்கு நாலைந்தும் எடுத்துவைத்து, பேட்ச் எண் உள்ள அட்டையை வெட்டி அதோடு கட்டி வையுங்கள். பிரிக்காத பெட்டிகளைப் பில்லோடு கடைக்குத் திருப்பி அனுப்புங்கள்.